அறுபது பெட்டி கையுறைக்கு என்ன விலை?

"சார், கிளவுஸ் ஸ்டாக் இறங்கிருச்சு. மீடியம் சைஸ்ல அறுபது பாக்ஸ் போட்டுருங்க."

"ரேட் இப்ப எவ்வளவும்மா?"

"ஃபைல்ல இருக்கு சார்."

நூறு படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனை. ஸ்டோர் பொறுப்பாளரும் பர்ச்சேஸ் அதிகாரியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நாள், 2025 நவம்பர் 12. அதிகாரி ஃபைலை விரித்தால் இரண்டு சப்ளையர்களின் ரேட் காண்ட்ராக்ட், நடுவில் ஒருவர் அனுப்பிய விலைத் திருத்தக் கடிதம், அச்செடுத்துச் செருகிவைத்த ஒரு மின்னஞ்சல் என நான்கு தாள்கட்டுகள் வருகின்றன. நான்கிலும் விலை இருக்கிறது, நான்கும் வேறுவேறு விலை. எது இன்றைய விலை என்று தெரியக் கால் மணி நேரமாவது ஆகும். இப்படி முந்நூறு, நானூறு பொருள்களை வாங்கும் இடத்தில் அந்தக் கால் மணி நேரம் கிடைக்காது. பெரும்பாலும் போன பில்லில் இருந்த விலையே அடுத்த ஆர்டரிலும் ஏறிவிடும்.

இதற்காகத்தான் காண்ட்ராக்டில் உள்ள விலை, அது செல்லும் காலம், குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஆகியவற்றைப் பிரித்தெடுத்து ஒரே எக்செல் ஷீட்டில் வைக்கிறார்கள். பொருளையும் நாளையும் அளவையும் தட்டினால் விலை வரவேண்டும். கேட்கச் சுலபமான வேலைதான். ஆனால் இப்படிச் செய்யப்படும் ஷீட்டுகளில் பல, ஆறு மாதத்துக்குள் யாரும் நம்பாத ஷீட்டாகிவிடுகின்றன. ஏன் அப்படி ஆகிறது என்பதை இந்தக் கையுறையை வைத்தே பார்க்கலாம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. சிக்கல்களோ பர்ச்சேஸ் மேசைகளில் அடிக்கடி வந்துபோகிறவை.

ரேட் காண்ட்ராக்ட் என்பது விலையை மட்டும் முன்கூட்டியே கட்டிவைக்கும் ஏற்பாடு. இவ்வளவு வாங்குவேன் என்று வாங்குபவர் பொதுவாக உறுதி தருவதில்லை. தேவைப்படும்போது ஆர்டர் போடுவார், பேசிய விலையில் சரக்கு வரும். மத்திய அரசு அலுவலகங்களுக்காக இப்படி விலை கட்டிவைத்துக்கொண்டிருந்த டிஜிஎஸ்&டி என்ற துறை 2017 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டு, அந்த வேலை ஜெம் என்ற இணையச் சந்தைக்குப் போனது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் டெண்டர் வழியே விலையை முடிவுசெய்துகொண்டு, பிறகு தேவைக்கேற்ப ஆர்டர் போடுகிறது. தனியார் மருத்துவமனையில் இதே ஏற்பாடு நான்கு பக்க ஒப்பந்தமாகச் சுருங்கிவிடுகிறது. முதல் இரண்டு பக்கம் பொருள் பட்டியலும் விலையும், அடுத்த இரண்டு பக்கம் நிபந்தனைகள்.

தவறு தொடங்குவது இங்கேதான். விலை முதல் பக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணையில் இருக்கிறது. அந்த விலை யாருக்கு, எப்போது, எத்தனை வாங்கினால் என்பது மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஏழாம் நிபந்தனையில் இருக்கிறது. ஷீட் தயாரிப்பவர் அட்டவணையை மட்டும் நகலெடுத்துவிட்டால் நிபந்தனை அறுந்துபோன விலைதான் கையில் மிஞ்சும்.

முதல் சப்ளையரின் தாளை எடுத்துக்கொள்வோம். லேடெக்ஸ் பரிசோதனைக் கையுறை, 100 எண்ணிக்கை கொண்ட பெட்டி, ரூ. 210, வரி தனி. இரண்டாம் சப்ளையரின் தாளில் அதே கையுறை, ஒன்றுக்கு ரூ. 2.24, வரி உள்பட. இரண்டையும் அருகருகே வைத்து எது மலிவு என்று கேட்டால், எழுதியிருக்கும் வடிவில் பதில் சொல்ல முடியாது. எனவே முதல் வேலை அலகை ஒன்றாக்குவது. ஷீட்டில் இரண்டுக்கும் ஒரே அலகு, 100 எண்ணிக்கைப் பெட்டி. காண்ட்ராக்டில் எழுதியிருந்த அலகும் விலையும் பக்கத்துப் பத்தியில் மாறாமல் இருக்கவேண்டும். மாற்றிய எண்ணை மட்டும் வைத்திருந்தால், நாளைக்குச் சந்தேகம் வரும்போது எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியிருக்கும்.

கையுறையில் இன்னொரு பொறி உண்டு. பரிசோதனைக் கையுறை எண்ணிக்கையில் வரும். அறுவைச் சிகிச்சைக் கையுறை ஜோடி ஜோடியாகக் கிருமி நீக்கிய உறையில் வரும், பெட்டிக்கு பெரும்பாலும் 50 ஜோடி. "நம்பர்" என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு சப்ளையர் கையுறையைச் சொல்வார், மற்றொருவர் ஜோடியைச் சொல்வார். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் விலை சரியாக இரண்டு மடங்கு வித்தியாசத்தில் நிற்கும். ஒரே பொருளுக்கு இரண்டு சப்ளையர் விலை கிட்டத்தட்ட 2, 10, 100 என்ற மடங்கில் விலகியிருந்தால், பேரம் பேசுவதற்கு முன்னால் அலகைத்தான் சந்தேகப்படவேண்டும்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. மருத்துவப் பரிசோதனைக் கையுறை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், அந்தச் சேவைக்காக வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை மருத்துவமனை திரும்ப எடுக்க முடியாது. ஒரு தொழிற்சாலைக்கு வரி பெரும்பாலும் வந்துபோகும் பணம், மருத்துவமனைக்கு அது செலவு. அதனால் ஒப்பிடவேண்டியது வரி சேர்ந்த விலையை. ஆனால் ஷீட்டில் சேமிக்கவேண்டியது வரி சேராத விலை. வரி விகிதத்தைத் தனி ஷீட்டில், எந்த நாள் முதல் எவ்வளவு என்று எழுதி, இரண்டையும் கணக்கில் மட்டும் சேர்ப்பதுதான் வசதி. விலை வரிசையிலேயே வரியையும் கலந்துவிட்டவர்கள் அந்தச் செப்டம்பரில் நூற்றுக்கணக்கான வரிசைகளைக் கையால் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாம் சப்ளையரின் ரூ. 2.24 வரி உள்படச் சொன்னது. 12 சதவீதம் இருந்தபோது கையெழுத்தானது. வரியைக் கழித்தால் ஒன்றுக்கு 2 ரூபாய், பெட்டிக்கு 200. வரி 5 சதவீதமான பிறகு பெட்டி 210 ரூபாய்க்கு வரவேண்டும். ஆனால் "வரி உள்பட 2.24" என்ற எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டால் 224 தான். 14 ரூபாய் வித்தியாசம். வரி மாறினால் விலை மாறும் என்ற நிபந்தனை தாளில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இல்லையென்றால் சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். நம் ஃபைலில் செருகியிருந்த மின்னஞ்சல் அதுதான், "வரி நீங்கலாக 2 ரூபாய், நடப்பு வரி தனி" என்று உறுதிசெய்த கடிதம். ஷீட்டில் அந்த விலைக்கு ஆதாரமாகக் காண்ட்ராக்டின் பக்க எண்ணோடு இந்தக் கடிதத்தின் தேதியும் ஏறவேண்டும்.

இனி தேதி. முதல் காண்ட்ராக்டின் தலைப்பில் 24.03.2025 என்று அச்சாகியிருக்கிறது. சப்ளையர் அன்றே கையெழுத்திட்டார். மருத்துவமனை நிர்வாகி கையெழுத்திட்டது 02.04.2025. நிபந்தனையில், "இரு தரப்பும் கையெழுத்திட்ட நாள் முதல் 12 மாதம்" என்று இருக்கிறது. எனவே தொடக்கம் ஏப்ரல் 2, முடிவு 2026 ஏப்ரல் 1. தலைப்புத் தேதியை எடுத்திருந்தால் கடைசி ஒன்பது நாள்கள் ஷீட்டில் "விலை இல்லை" என்று காட்டும். அந்த நாள்களில் யாராவது வெளிச் சந்தை விலைக்கு வாங்கிவிடுவார்கள். தொடக்கத் தேதி D2 செல்லில் இருந்தால் முடிவுத் தேதியை இப்படிக் கணக்கிடலாம்:

```
=EDATE(D2,12)-1
```

"இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம்" என்றும் அதே பக்கத்தில் ஒரு வரி உண்டு. ஆர்வத்தில் அந்த மூன்று மாதத்தையும் முடிவுத் தேதியில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. ஒப்புதல் கடிதம் வரும்வரை அது வெறும் வாய்ப்புதான். குறிப்புப் பத்தியில் எழுதலாம், முடிவுத் தேதியைத் தொடக்கூடாது.

தேதியைத் தட்டுவதிலும் ஒரு சத்தமில்லாத ஆபத்து இருக்கிறது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 02/04/2025 என்று தட்டியது பிப்ரவரி 4 ஆகிவிடும். 24/03/2025 என்று தட்டியது, 24-ஆம் மாதம் இல்லாததால், தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். அதாவது 12-ஆம் தேதி வரை உள்ளவை தப்பான தேதியாகின்றன, அதற்கு மேல் உள்ளவை தேதியே ஆவதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எக்செலில் நாமாக எதுவும் மாற்றாதவரை உண்மையான தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஒரு பத்தியில் சில வலமும் சில இடமுமாக நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றையும் நம்பக்கூடாது. 02-Apr-2025 என்று மாதத்தை எழுத்தில் தட்டுவது இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடும்.

அக்டோபர் 15 தேதியிட்ட திருத்தக் கடிதத்துக்கு வருவோம். மூலப்பொருள் விலை ஏறியதால் பெட்டி 210 என்பது நவம்பர் 1 முதல் 222 ஆகும் என்கிறது. இதைப் பார்த்தவுடன் ஷீட்டில் 210-ஐ அழித்து 222 என்று அடிப்பதுதான் கை பழகிய செயல். அப்படிச் செய்யக்கூடாது. அக்டோபரில் வந்த சரக்கின் பில் டிசம்பரில் கணக்குப் பிரிவுக்கு வரும்போது, அன்றைய விலை 210 என்று சொல்ல ஷீட்டில் எதுவும் இருக்காது. சப்ளையர் 222 போட்டிருந்தாலும் ஷீட் அதற்குத் தலையாட்டும். சரியான முறையில், பழைய வரிசையின் முடிவுத் தேதி 2025 அக்டோபர் 31 ஆகும், அதன் கீழே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை புதிய வரிசை சேரும். ஒரு வரிசைக்கு ஒரு விலை, அந்த விலைக்கு ஒரு காலம்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு சொல்லையும் பார்க்கவேண்டும். "நவம்பர் 1 முதல் போடப்படும் ஆர்டருக்கு" என்று இருந்தால், அக்டோபர் 28-இல் ஆர்டர் போட்டு நவம்பர் 3-இல் வந்த சரக்குக்குப் பழைய விலைதான். "நவம்பர் 1 முதல் அனுப்பப்படும் சரக்குக்கு" என்று இருந்தால் புதிய விலை. எந்தத் தேதியை வைத்து விலை பார்க்கவேண்டும் என்று சொல்ல ஷீட்டில் ஒரு பத்தி வைத்தால் போதும், ஆண்டு முழுவதும் கணக்குப் பிரிவோடு நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறையும். நம் கடிதம் ஆர்டர் தேதியைத்தான் சொல்கிறது.

குறைந்தபட்ச ஆர்டர் அளவில்தான் மிக நுணுக்கமான குழப்பம் இருக்கிறது. ஒரே சொல் நான்கு வேறு செய்திகளுக்குப் பயன்படுகிறது. ஒரு பொருளில் குறைந்தது இவ்வளவு வாங்கவேண்டும் என்பது ஒன்று. எல்லாப் பொருளும் சேர்ந்து ஒரு ஆர்டர் இத்தனை ரூபாய்க்குக் குறையக்கூடாது என்பது இன்னொன்று. கேஸ் கேஸாகத்தான் வாங்கவேண்டும், உடைத்துத் தரமாட்டோம் என்பது மூன்றாவது. இந்த அளவுக்கு மேல் வாங்கினால் விலை குறையும் என்ற ஸ்லாப் நான்காவது. ஸ்லாப் உண்மையில் குறைந்தபட்ச அளவே இல்லை. ஆனால் அட்டவணையில் "குறைந்தது 100 பெட்டி – ரூ. 198" என்று எழுதியிருந்தால் அப்படித்தான் தோன்றும்.

முதல் சப்ளையரின் தாளில் இவற்றில் இரண்டு இருக்கின்றன. பத்துப் பெட்டி கொண்ட கேஸாகத்தான் தருவார், 100 பெட்டியும் அதற்கு மேலும் ஒரே ஆர்டரில் வாங்கினால் பெட்டி 198. இரண்டாம் சப்ளையரின் தாளில் "குறைந்தபட்சம் 20,000 எண்ணிக்கை", அதாவது 200 பெட்டி. சிறியது, நடுத்தரம், பெரியது மூன்றும் சேர்ந்து 200 ஆனால் போதுமா, அல்லது ஒவ்வொரு அளவிலும் 200 வேண்டுமா? தாளில் சொல்லவில்லை. மாதம் எட்டுப் பெட்டி மட்டும் போகும் பெரிய அளவில் 200 பெட்டி வாங்கினால் 25 மாதத்துக்கு அடுக்கிவைக்கவேண்டும், லேடெக்ஸ் நாளாக ஆக இளகிக் கிழியும். தாள் சொல்லாததை ஷீட் தயாரிப்பவர் ஊகித்து எழுதக்கூடாது. அந்தச் செல் காலியாக, வண்ணமிட்டு, "கேட்கவேண்டும்" என்ற குறிப்போடு இருக்கட்டும்.

ஆக, ஷீட்டில் ஒரு வரிசையில் இருப்பவை இவை: பொருள் குறியீடு, சப்ளையர், தொடக்கம், முடிவு, எத்தனை முதல் எத்தனை வரை இந்த விலை, பெட்டி விலை, குறைந்தபட்ச அளவு, கேஸ் அளவு, எந்தத் தேதி, காண்ட்ராக்டில் இருந்த மூல எழுத்து, பக்கம். நம் முதல் சப்ளையருக்கு ஒரு கையுறைக்கு மூன்று வரிசை வரும். 1 முதல் 99 பெட்டி வரை அக்டோபர் முடிய 210, அதே அளவுக்கு நவம்பர் முதல் 222, 100-உம் அதற்கு மேலும் 198. கடைசி வரிசையில் மேல் எல்லை இல்லாததால் 999999 என்று ஒரு பெரிய எண்ணைப் போடலாம்.

குறைந்தபட்ச அளவையே ஸ்லாபின் தொடக்கமாகப் போட்டுவிடும் பழக்கமும் உண்டு. அதில் ஒரு குறை இருக்கிறது. இரண்டாம் சப்ளையரிடம் 60 பெட்டிக்கு விலை கேட்டால் ஷீட் "விலை இல்லை" என்று சொல்லிவிடும். உண்மையில் விலை உண்டு, அளவுதான் போதவில்லை. தனிப் பத்தியில் வைத்தால் 200 ரூபாயும் காட்டும், 200 பெட்டி எடுக்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் காட்டும். அதைப் பார்த்துத்தானே கொஞ்சம் கூடுதலாக வாங்கலாமா என்று யோசிக்க முடியும்?

விலை தேடும் ஃபார்முலா நீளமாகத் தெரிந்தாலும் செய்வது ஒரே காரியம்தான். பொருள், சப்ளையர், நாள், அளவு நான்கும் பொருந்தும் வரிசையைத் தேடுகிறது. இது எக்செல் 2021-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் வேலைசெய்யும்.

```
=XLOOKUP(1,(Rates[Item]=B1)*(Rates[Supplier]=B2)
 *(Rates[From]<=B3)*(Rates[To]>=B3)
 *(Rates[MinQty]<=B4)*(Rates[MaxQty]>=B4),
 Rates[UnitPrice],"NO RATE")
```

இதில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பலவீனம் ஒன்று உண்டு. இரண்டு வரிசைகள் பொருந்தினால், முதலில் இருப்பதை எடுத்துக்கொடுத்துவிட்டு அமைதியாகிவிடும். பழைய வரிசையின் முடிவுத் தேதியைக் குறைக்க மறந்திருந்தால், நவம்பரிலும் 210 என்றே சொல்லும், யாருக்கும் தெரியாது. அதற்காக ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஒரு காவல் ஃபார்முலா வேண்டும். தன்னோடு காலத்திலும் அளவிலும் மோதும் வரிசைகளை அது எண்ணுகிறது.

```
=COUNTIFS(Rates[Item],[@Item],Rates[Supplier],[@Supplier],
 Rates[From],"<="&[@To],Rates[To],">="&[@From],
 Rates[MinQty],"<="&[@MaxQty],Rates[MaxQty],">="&[@MinQty])
```

விடை 1 என்றால் அந்த வரிசை தன்னை மட்டுமே கண்டது, சரி. 2 என்றால் எங்கோ இரண்டு விலைகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. ஒரு முறை வடிகட்டிப் பார்த்தால் ஷீட் முழுவதும் உள்ள மோதல்கள் வெளியே வந்துவிடும்.

ஃபார்முலா பிடிக்க முடியாத பிழை, தாளிலிருந்து ஷீட்டுக்கு வரும் வழியில் நடப்பது. பல காண்ட்ராக்டுகள் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக இருக்கும். விலையின் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருக்கும். 3-ம் 8-ம் மயங்கும், புள்ளி காணாமல்போய் 2.24 என்பது 224 ஆகும். மறுபடி படித்துப் பார்ப்பது பெரிதாக உதவாது, ஏனென்றால் தட்டியவரின் கண் தான் தட்டியதையே தாளிலும் பார்க்கும். இதைவிட நல்ல சோதனை, பாஸ் ஆகிப் பணம் கொடுத்து முடிந்த பழைய பில்களை எடுப்பது. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஐந்தாறு பில். பில்லில் உள்ள தேதியையும் அளவையும் ஷீட்டில் போட்டால் பில்லில் உள்ள விலை வரவேண்டும். வராவிட்டால் ஷீட் தப்பு, இல்லையென்றால் அந்தப் பில்லுக்குக் கூடுதலாகப் பணம் போயிருக்கிறது. எதுவானாலும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது அந்த அறுபது பெட்டிக்குப் போகலாம். நாள் நவம்பர் 12. முதல் சப்ளையரிடம் 222, வரி சேர்த்து 233.10. அறுபது பெட்டிக்கு 13,986 ரூபாய். இரண்டாமவரிடம் 200, வரி சேர்த்து 210, ஆனால் 200 பெட்டி எடுக்கவேண்டும், 42,000 ரூபாய். ஸ்டோரில் மாதம் 75 பெட்டி செலவாகிறது. 200 பெட்டி என்றால் எண்பது நாள் சரக்கு.

மூன்றாவது வழி ஒன்றும் ஷீட்டில் இருக்கிறது. முதல் சப்ளையரிடமே 100 பெட்டி வாங்கினால் பெட்டி 198, வரி சேர்த்து 207.90. மொத்தம் 20,790. இது இரண்டாமவரின் 210-ஐவிடக் குறைவு, நாற்பது நாளில் தீர்ந்துவிடும் சரக்கு. இதே சப்ளையரிடம் 90 பெட்டி வாங்கினால் 20,979 ஆகும், 100 வாங்குவதைவிட 189 ரூபாய் அதிகம். ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் படாத கணக்கு இது.

ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. அக்டோபர் கடிதம் 210 என்பதை 222 என்று மாற்றியதே தவிர, 198-ஐப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது பழையபடி நிற்கிறதா, அதுவும் ஏறுமா? மூன்றாம் வரிசையின் குறிப்புப் பத்தியில் இந்தக் கேள்வி எழுதியிருந்ததால் அதிகாரி ஆர்டர் அடிப்பதற்கு முன்னால் சப்ளையருக்குப் போன் போட்டார். "ஸ்லாப் ரேட்ல மாத்தம் இல்ல சார், அதே நூத்தித் தொண்ணூத்தெட்டுதான்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். "அதை ஒரு மெயிலா போட்டுருங்க" என்றார் அதிகாரி. மெயில் வந்தது மதியம் மூன்று மணிக்கு. மூன்றாம் வரிசையின் ஆதாரப் பத்தியில் அதன் தேதி ஏறியது, கேள்விக் குறிப்பு நீங்கியது. அதன் பிறகே நூறு பெட்டிக்கு ஆர்டர் போனது.